தீபாவளி விடியலின் முதல் ஒரு மணி நேரம்: வீட்டில் என்ன பாடுவது, எப்படிப் பாடுவது

தீபாவளி காலையில் பாட்டு வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒரு பக்திப் பாடல் தொகுப்பைப் போட்டுவிடுகிறார். அது பாட்டுக்கு ஓடுகிறது. குளியலறைக் கதவைத் தட்டும் சத்தமும் புதுத்துணியைத் தேடும் சத்தமும் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன. ஒரு பாட்டுகூட யார் காதிலும் முழுதாக விழுவதில்லை.

இந்த வழிகாட்டி வேறு விதம். அந்த ஒரு மணி நேரத்தில் கைகள் செய்யும் வேலைகள் வரிசையாக இருக்கின்றன. விளக்கேற்றுவது, எண்ணெய் வைப்பது, குளிப்பது, துணி உடுத்தி விளக்கின் முன் கூடுவது. ஒவ்வொரு வேலைக்கும் பொருந்தும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் ஒன்றையாவது வீட்டார் எல்லோரும் வாய்விட்டுப் பாட வேண்டும். சேலம் அம்மாபேட்டையில் என் அக்கா வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. பாட்டி, அக்கா, மாமா, பன்னிரண்டு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன் என்று ஐந்து பேர், குளியலறை ஒன்றுதான். அந்த வீட்டையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

எந்த ஒரு மணி நேரம்?

ஐப்பசியில் சேலத்தில் சூரியன் உதிப்பது காலை ஆறு மணியை ஒட்டி. அதற்கு நான்கு நாழிகை முன்னால், அதாவது 96 நிமிடம் முன்னால் தொடங்குவது அருணோதயம். கணக்குப் பார்த்தால் நாலரை மணி வாக்கில் வருகிறது. நரக சதுர்த்தசிக் குளியல் அருணோதயத்துக்குப் பிறகு, சூரிய உதயத்துக்கு முன் என்பது வழக்கம்.

இன்னொரு பக்கம் பட்டாசு. உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன இரண்டு மணி நேரத்தைத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தார்கள். தெருவில் அதற்கு முன்பே ஒன்றிரண்டு வெடிக்கத்தான் செய்யும். இருந்தாலும் ஆறு மணிக்குப் பிறகு பாட்டுக்கு இடமே கிடையாது. பிள்ளைகளின் மனமும் வாசலுக்குப் போய்விடும்.

ஆகவே பாட்டுக்குரிய நேரம் 4:50 முதல் 5:50 வரை. பெரியவர்கள் இருவர் மட்டும் நாலரைக்கு எழுந்து, வெந்நீருக்கு ஏற்பாடு செய்து, விளக்கைத் துடைத்துத் திரி போட்டு வைத்துவிட வேண்டும். மற்றவர்களை அப்போதே எழுப்ப வேண்டாம்.

எழுப்புவது: நாதஸ்வரம், சன்னமாக

முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஒலிப்பதிவு போதும். நாதஸ்வரம்தான் சரி. பூபாளம், பௌளி, மலயமாருதம் மூன்றும் விடியலுக்கு உரிய ராகங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றின் ஆலாபனையைத் தேடி முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லாரி வேண்டாம். அது சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. தவில் முழு வேகத்தில் வரும். சின்ன ஒலிபெருக்கியில் தவில் சத்தம் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும், தூங்குகிற பிள்ளை அலறியடித்துக்கொண்டு எழும்.

ஒலிபெருக்கியைப் படுக்கையறையில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். கதவைத் திறந்து விட்டால் போதும். சேலத்தில் அம்மாபேட்டை, குகை போன்ற பேட்டைகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. உங்கள் கூடத்தில் பேச்சுக்குரல் அளவுக்கு இருந்தாலே பக்கத்து வீட்டில் கேட்கும்.

விளக்கேற்றும்போது: நான்கு வரி

குத்துவிளக்கை ஏற்றும்போது ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் உடனே பாடாதீர்கள், இதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒரு நிமிட அமைதி இருக்கட்டும். அந்த நேரத்தில் நெருப்புப்பெட்டியை எடுக்கலாம், திரியைத் தூண்டலாம். அப்புறம் அப்பர் தேவாரம், நான்காம் திருமுறையில் நமச்சிவாயப் பதிகத்தில் வரும் பாட்டு:

இல்லக விளக்கது இருள்கெ டுப்பது
சொல்லக விளக்கது சோதி யுள்ளது
பல்லக விளக்கது பலருங் காண்பது
நல்லக விளக்கது நமச்சி வாயவே

வீட்டுக்குள் ஏற்றும் விளக்கையே முதலடியாகக் கொண்ட பாட்டு இது. ஓதுவார்கள் இந்தப் பதிகத்தைக் காந்தாரபஞ்சமப் பண்ணில் பாடுவார்கள். அது இன்றைய கேதாரகௌளை. பண் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், நான்கு அடியும் ஒரே அளவில் வருவதால் நிறுத்தி ஓதினாலே போதும். குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மூன்று முறை பாடி முடிக்கலாம். முதல் முறை பாட்டி மட்டும், இரண்டாம் முறை பெரியவர்கள், மூன்றாம் முறை எல்லோரும். தூக்கக் கலக்கத்தில் நிற்கும் பையனுக்கும் மூன்றாவது முறையில் "நமச்சிவாயவே" வந்துவிடும்.

வைணவ வீடுகளில் இந்த இடத்துக்கு பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதி முதல் பாசுரம் இருக்கிறது. "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக, இன்புருகு சிந்தை இடுதிரியா" என்று தொடங்கும். தகளி என்றால் அகல். அகல், நெய், திரி என்று அதே வரிசையில் விளக்குப் போடுவதைச் சொல்கிறது பாசுரம். நீங்களும் அதே வரிசையில் கையை ஓட்டலாம்.

எண்ணெய் வைக்கும்போது: ஆளுக்கு ஒரு சுற்று

மணை போட்டு, கிழக்கே பார்த்து உட்கார வைத்து, வீட்டின் மூத்த பெண் தலையில் எண்ணெய் வைக்கும் நேரம் இது. ஐந்து பேருக்கும் ஒன்றாக வைக்க முடியாது. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம். இங்கே நீளமான கீர்த்தனை எதுவும் பொருந்தாது. நடுவில் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். திரும்பத் திரும்ப வரும் அடி உள்ள பாட்டுத்தான் வேண்டும். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும்போது அந்த அடியில் நிறுத்திக்கொள்ளலாம்.

பல வீடுகளில் "கௌரி கல்யாணம் வைபோகமே" பாடுவது இதற்காகத்தான். கல்யாணப் பாட்டு, தீபாவளி எண்ணெய்க்கும் அதையே பாடுகிறார்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருக்கும் வீட்டில் இதை விட்டால் வேறு பாட்டே வேண்டாம். அந்த வழக்கம் இல்லாத வீடுகளில் பாட்டி பாடும் தாலாட்டோ நலங்குப் பாட்டோ இருந்தால் அதுதான் முதல் தகுதி. யாருக்கும் எழுதி வைக்கத் தோன்றாத பாட்டுகள் அவை. பாட்டி இருக்கும்போதே ஒரு முறை பதிவு செய்து, வரிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் பாட்டி மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் வைத்திருப்பார். மூன்று சொட்டு உச்சியில் விட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கத் தொடங்கும்போதுதான் பாட்டும் தொடங்கும். தேய்க்கிற கைதான் தாளம். கை மெதுவாக ஓடினால் பாட்டும் மெதுவாக ஓடும். அந்த நேரத்தில் வேறு யாரும் கைதட்டித் தாளம் போட்டு அவரை விரட்டக் கூடாது. மற்றவர்கள் திரும்ப வரும் அடியில் மட்டும் சேர்ந்துகொண்டால் போதும்.

குளியல் வரிசை: இங்கே மட்டும் ஒலிப்பதிவு

முதல் ஆளுக்கு எண்ணெய் வைத்ததும் குளியல் வரிசை தொடங்கிவிடும். ஐந்தேகால் மணியிலிருந்து வீடு இரைச்சலாகத்தான் இருக்கும். இந்த அரை மணி நேரத்தில் கூடிப் பாட முயன்றால் தோற்றுப்போவோம். பாதிப் பேர் குளியலறையில், ஒருவர் தலை துவட்டுகிறார், ஒருவர் சீயக்காய் கரைக்கிறார்.

எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இதற்காகவே அமைந்தது போல இருக்கிறது. முழுதும் ஓட சுமார் இருபது நிமிடம். அதில் நான்கு பகுதிகள். சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14. இந்தக் கணக்கு தெரிந்திருப்பதில் ஒரு வசதி உண்டு. நேரம் போதாவிட்டால் நட்டநடுவில் அணைக்காமல் ஒரு பகுதி முடியும் இடத்தில் நிறுத்தலாம். அக்கா வீட்டில் ஸ்தோத்திரம் தொடங்கும்போது இரண்டாவது ஆள் குளித்து வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் வரிசை பிந்திவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்து யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

கந்த சஷ்டி கவசத்தை இங்கே வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், தவறில்லை. ஆனால் சஷ்டி விரதம் அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்குகிறது. தீபாவளி முடிந்த கையோடு ஆறு நாள் கவசம்தான் கேட்கப்போகிறோம். அதனால் நான் அதை அந்த ஆறு நாளுக்கு என்று விட்டுவிடுவேன்.

எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு

இனி முக்கியமான இடம். குளித்து, மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்தி, 5:40-க்கு எல்லோரும் விளக்கின் முன் நிற்கிறார்கள். இந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரே ஒரு பாட்டை ஒரு வாரம் முன்பிருந்து பழக வேண்டும். என் தேர்வு அருணகிரிநாதரின் திருப்புகழ், "நாத விந்துக லாதீ நமோநம".

அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, இதில் விளக்கே வருகிறது, "தீப மங்கள ஜோதீ நமோநம" என்று. இரண்டாவது, முதல் பாதியில் பன்னிரண்டு அடியும் "நமோநம" என்றே முடிகின்றன. பாட்டே தெரியாதவர்கூட அந்த ஒரு சொல்லில் சேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது காரணம் குரல் சம்பந்தப்பட்டது, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பரவலாகப் பாடப்படும் மெட்டு செஞ்சுருட்டி. இந்த ராகத்தில் மேல் ஷட்ஜத்துக்கே போக வேண்டியதில்லை. நிஷாதத்தோடு திரும்பி, கீழ் ஸ்தாயியில் பஞ்சமம் வரைக்கும் இறங்கும். எழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தொண்டை மேலே ஏறாது, கீழே நன்றாக இறங்கும். விடியற்காலைக் குரலுக்கு இதைவிட வசதியான ராகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

*தாளில் எழுதுவது.* முதல் வேலை பாட்டை எழுதுவது. இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. புத்தகங்களில் திருப்புகழ் இப்படி அச்சாகி இருக்கும்: மூன்று அடி, மூன்றாம் அடியின் கடைசியில் தொங்கல் என்கிற சின்னச் சொல். அதைப் பார்த்துப் பாடுகிறவர்கள் தொங்கலைப் பாடி முடித்து, அங்கே மூச்சு விட்டு, அடுத்த அடிக்குப் போவார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். பொருள் மட்டும் அறுந்துபோகும். "வெகுகோடி" என்பது தனியே நிற்கும் சொல் அல்ல. "வெகுகோடி நாம சம்பு குமாரா", பல கோடிப் பெயர்களை உடைய சம்புவின் மகனே என்பது அதன் பொருள். அதுபோலத்தான் "பரசூரர் சேத தண்ட விநோதா"வும். ஆகவே தாளில் தொங்கலை அடுத்த அடியோடு சேர்த்து எழுதுங்கள்:

நாத விந்துக லாதீ நமோநம
வேத மந்த்ரசொ ரூபா நமோநம
ஞான பண்டித சாமீ நமோநம
வெகுகோடி நாம சம்புகு மாரா நமோநம
போக அந்தரி பாலா நமோநம
நாக பந்தம யூரா நமோநம
பரசூரர் சேத தண்டவி நோதா நமோநம
கீத கிண்கிணி பாதா நமோநம
தீர சம்ப்ரம வீரா நமோநம
கிரிராஜ தீப மங்கள ஜோதீ நமோநம
தூய அம்பல லீலா நமோநம
தேவ குஞ்சரி பாகா நமோநம அருள்தாராய்

ஒவ்வொரு "நமோநம"வுக்குப் பிறகும் மூச்சு. தொங்கல் சொல்லில் இழுப்பு இருக்கலாம், மூச்சு இருக்கக் கூடாது. இதை மட்டும் சரிசெய்துவிட்டால் பாட்டு வேறு பாட்டு போல ஆகிவிடும். எழுத்துகள் பெரியதாக இருக்கட்டும், விளக்கு வெளிச்சத்தில் பாட்டியும் படிக்க வேண்டும். தாளை விளக்கிலிருந்து தள்ளிச் சுவரில் ஒட்டினால், எண்ணெய்க் கையோடு யாரும் தொட வேண்டியதில்லை.

*சுருதி பார்ப்பது.* இதை மாலையில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மாலையில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் அக்கா விடியற்காலையில் நாலரைக் கட்டைக்குத்தான் வருகிறார். அதனால் தீபாவளிக்கு முன்னால் ஏதாவது ஒரு நாள் விடியற்காலையில், காபிக்கு முன்பே, தம்பூரா செயலியையோ சுருதிப் பெட்டியையோ போட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்கு மிகக் குறைந்த குரல் வீச்சு இருக்கிறதோ அவரை வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பாட்டியாக இருக்கும், அல்லது சின்னப் பையனாக இருக்கும். பாட்டில் மிகக் கீழே இறங்கும் இடமும் மிக மேலே போகும் இடமும் அவருக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். கீழே காற்றாக வந்தால் அரைக் கட்டை ஏற்றுங்கள். மேலே கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள்.

அக்கா வீட்டில் நாலரைக் கட்டை முடிவானது. மாமாவின் இயல்பான சுருதி ஒரு கட்டை. நாலரையில் பெண்களோடு சமமாகப் பாட அவர் தொண்டையைக் கிழிக்க வேண்டும். அதனால் அவர் அடிகளைப் பாடுவதில்லை. "நமோநம" வரும் இடத்தில் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்கிறார். விடியற்காலையில் ஆண்குரல் அடியில் நன்றாகப் பேசும். அந்தக் கீழ்க்குரல் வந்து சேர்ந்ததும் கூடம் நிறைந்துவிடுகிறது. பிள்ளைகளும் சுருதியை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

முன்னால் சொன்ன அமைதிக்குக் காரணமும் இதுதான். நாதஸ்வரமோ சுப்ரபாதமோ, ஒலிப்பதிவின் சுருதி வேறு, உங்கள் வீட்டுச் சுருதி வேறு. ஒலிப்பதிவு நின்ற அடுத்த நொடியே பாடத் தொடங்கினால் குரல் அந்தச் சுருதியில்தான் எழும். பாதி வழியில்தான் எட்டவில்லை என்று தெரியும். ஒலிப்பதிவை அணைத்து, ஒரு நிமிடம் சும்மா இருந்து, பிறகு ஒரு நிமிடம் சுருதியை மட்டும் ஓடவிட்டு, வாயை மூடி முணுமுணுத்த பிறகு தொடங்குங்கள்.

*ஒரு வாரப் பழக்கம்.* முதல் இரண்டு நாள் மெட்டே வேண்டாம். சந்தத்தில் ஓதினால் போதும். "தான தந்தன தானா தனாதன" என்று வாயால் சொல்லி, அதே ஓட்டத்தில் "நாத விந்துக லாதீ நமோநம" சொல்லச் சொல்லுங்கள். "விந்துக லாதீ" என்று ஏன் பிரிகிறது என்று பெண் கேட்டாள். பொருளுக்காக அல்ல, சந்தத்துக்காக அப்படிப் பிரித்து அச்சிடுகிறார்கள். விந்து, கலா, ஆதீ என்று சொல்லிக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து மெட்டோடு, ஒரு நாளைக்கு மூன்று அடி. ஆறாம் நாள் பன்னிரண்டும் முடிந்துவிடும்.

பையனுக்கு எட்டாவது அடிதான் முதலில் மனப்பாடமானது. "கீத கிண்கிணி பாதா". கிண்கிணி என்றால் காலில் போடும் சதங்கை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. அந்த அடி வரும்போது அக்கா மகள் கால் கொலுசைத் தரையில் தட்டுவாள், அதுவே தாளமாகிவிடும்.

*கெட்டுப்போகும் இடங்கள்.* கூட்டமாகப் பாடும்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, வேகம் ஏறும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதால் ஆறாம் அடிக்கு மேல் எல்லோரும் ஓடத் தொடங்குவார்கள். "பரசூரர்" என்ற சொல் வாயில் குழறினால் ஓட்டம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது முன்பாடுபவர் அடுத்த அடியை ஒரு நொடி தாமதித்து எடுத்தாலே போதும், எல்லோரும் பழைய வேகத்துக்கு வந்துவிடுவார்கள். மற்றொன்று, சுருதி இறங்கும். பெட்டியை அணைத்துவிட்டுப் பாடினால் பன்னிரண்டாம் அடி முடிந்ததும் மீண்டும் போட்டுப் பாருங்கள். அரைக் கட்டை கீழே வந்திருக்கும். தீபாவளி அன்று பெட்டி கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கேட்கும் அளவுக்கு, அவர்களுக்குப் பக்கத்தில்.

*இரண்டாம் பாதி.* "ஈதலும் பலகோலால பூஜையும்" என்று தொடங்கும் பகுதியில் "நமோநம" கிடையாது. அடிகள் நீளமாக ஓடும். எல்லோரும் பாட வேண்டியதில்லை. தெரிந்த இருவர் பாட, மற்றவர்கள் கேட்டால் போதும். ஆனால் விட்டுவிடாதீர்கள். "ஏழ்தலம் புகழ் காவேரியால் விளை சோழ மண்டலம்" என்று காவிரி வருகிறது. மேட்டூர் அணையைப் பார்த்த பிள்ளைகள் அந்த ஆறுதானா என்று கேட்பார்கள். கடைசியில் ஆரூரர் சுந்தரரோடு கயிலை போன சேரரைச் சொல்லி, "சேரர் கொங்குவை காவூர் நனாடதில் ஆவினன்குடி வாழ்வான தேவர்கள் பெருமாளே" என்று பழனியில் வந்து முடிகிறது. கொங்கு என்று நம் பக்கத்துப் பெயரே வருகிற பாட்டு. "நனாடதில்" என்பது நல்ல நாடு, சந்தத்துக்காகக் குறுகி நிற்கிறது. இங்கேதான் எல்லோருக்கும் நாக்குப் புரளும், தனியே பத்து முறை சொல்லிப் பழகுங்கள்.

*ஆரத்தியின் இடம்.* கற்பூரத்தைப் பாட்டு முடிந்த பிறகு காட்ட வேண்டாம். முன்பாடுபவர் "தீர சம்ப்ரம வீரா" எடுக்கும்போது ஏற்றுங்கள். அடுத்த அடி "கிரிராஜ தீப மங்கள ஜோதீ". அந்த அடியில் தட்டை உயர்த்துங்கள். அந்த ஒரு அடியை மட்டும் மூன்று முறை திருப்பிப் பாடினால் ஆரத்தி முடிந்துவிடும். பிறகு "தூய அம்பல லீலா" என்று தொடரலாம். ஏற்றுவதும் பாடுவதும் ஒருவரே என்றால் குழப்பம் வரும். தட்டு மாமா கையில், பாட்டு அக்கா வாயில் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக சங்கீதம் பழகியவர் வீட்டில் இருந்தால்

முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில், எட்டயபுரத்தில். அன்று சீடர்கள் "மீனாக்ஷி மே முதம் தேஹி" பாட, "மீனலோசனி பாசமோசனி" என்ற இடத்தில் அவர் உயிர் பிரிந்தது என்பது சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதனால் பலர் தீபாவளி அன்று அதைப் பாடுகிறார்கள். கட்டாயம் பாடட்டும், ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் வேண்டாம். நிறுத்தி நிதானமாகப் பாட வேண்டிய கீர்த்தனை அது, குளிர்ந்த தொண்டைக்கும் ஆகாது. பலகாரம் சாப்பிட்டு, வெடிச் சத்தம் ஓய்ந்து, எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து பாடினால் அதற்குரிய மரியாதை கிடைக்கும். விடியலில் அவர் பாட ஆசைப்பட்டால் ஹம்சத்வனியில் "வாதாபி கணபதிம்" பல்லவியை மட்டும், திருப்புகழுக்கு முன் பாடலாம்.

ஏற்காட்டில் என்றால்

சேர்வராயன் மலை மேல் இதே ஒரு மணி நேரம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை நேரம். பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்து தொண்டையைப் பிடித்துக்கொள்ளும், அண்டாவில் வெந்நீர் காயவும் அதிக நேரம் எடுக்கும். நான்கே காலுக்கு அடுப்பு எரிய வேண்டும். சுருதியைச் சேலத்தில் வைத்ததைவிட அரைக் கட்டை குறைத்துக்கொள்ளுங்கள். பாடுவதற்கு முன் ஆளுக்கு அரை டம்ளர் வெந்நீர் குடிக்கட்டும். ஈரத்தலையோடு வாசல் பக்கம் நிற்காமல், கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும். மழையில் மின்சாரம் போவது வழக்கம். கைப்பேசியையும் ஒலிபெருக்கியையும் முதல் நாள் இரவே முழுதாக மின்னேற்றி வைத்தால், விளக்கு வெளிச்சம் மட்டும் இருந்தாலும் பாட்டு நிற்காது. சுவரில் ஒட்டும் தாள் ஈரத்தில் நெகிழும், அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள்.

பாட்டு முடிந்ததும்

5:50-க்குப் பாட்டு முடிந்ததும் சுருதிப் பெட்டியை அணைத்து, தாளைக் கழற்றி, அலமாரியில் வைத்துவிடுங்கள். தீபாவளி லேகியம் இப்போதுதான், பாடும் முன் அல்ல. இஞ்சியும் மிளகும் நெய்யும் சேர்ந்த உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் "நமோநம" வரவே வராது. லேகியம் தின்று, பெரியவர்களை விழுந்து கும்பிட்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து, ஆறு மணிக்குப் பிள்ளைகளை வாசலுக்கு விடலாம். எண்ணெய் வைத்த பாட்டிக்கு யார் எண்ணெய் வைத்தார்கள் என்பதை மட்டும் அதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையின் பரபரப்பில் மறந்துபோவது அவருக்குத்தான். அவரைக் கடைசியில் மணையில் உட்கார வைத்து, பேத்தி எண்ணெய் தேய்த்துவிட, அவர் பாடிய அதே பாட்டை மற்றவர்கள் அவருக்குப் பாட வேண்டும்.